என்ன சாதி?

சென்ற வருடம் ஜூன் மாதம் என் மகள் நாய் வேண்டும் என்றாள். ஒன்பது வயது. ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த பொன்னிற லாப்ரடார் குட்டியைக் காட்டி, "இதே மாதிரிப்பா, இதே கலர்" என்றாள். நானும் மனைவியும் ஒரு வாரம் பேசி முடிவெடுத்தோம். வாரத்தில் மூன்று நாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை, ஹவுஸ் ஓனருக்கு ஆட்சேபணை இல்லை, மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கிறது. சரி என்றோம்.

நண்பன் ஒருவனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாதி வாங்கப்போறே?"

தமிழில் இந்தக் கேள்வி எவ்வளவு இயல்பாக வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். ரகம், இனம் என்றெல்லாம் எழுத்தில் சொல்கிறோம். வாயில் வருவது ‘சாதி நாய்’தான். அதன் எதிர்ப்பதம் தெருநாய். இன்னொரு சொல்லும் இருக்கிறது, ‘நாட்டு நாய்’. அதற்கு நம்மிடம் இரண்டு பொருள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெருமையாகச் சொல்லும்போதும் நாட்டு நாய்தான். டீக்கடை வாசலில் படுத்திருப்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்ல நினைத்தாலும் நாட்டு நாய்தான். முன்னதற்கு விலை உண்டு, பின்னதற்கு இல்லை. ஆங்கிலேயர்கள் இந்தத் தெருநாயைப் பார்த்து அதற்கு வைத்த பெயர் இன்னும் மோசம். இங்கே தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட ஒரு சாதியின் பெயரை எடுத்து ‘பரையா டாக்’ என்றார்கள். பல புத்தகங்களில் அது இன்றும் அப்படியே இருக்கிறது.

மனிதர்கள் பட்ட துன்பத்தையும் நாய் வியாபாரத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிறப்பைக் கேட்டால் குணம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றேதான். மனிதர்கள் விஷயத்தில் அது பொய் என்று நமக்குத் தெரியும். நாய் விஷயத்தில் அது உண்மையா என்று பார்க்க நினைத்தேன். நாய்களை நாம் உண்மையிலேயே அப்படிப் பொறுக்கி வளர்த்திருக்கிறோம் என்பதால் இங்கே கேள்வி அவ்வளவு சுலபமில்லை.

*

திருப்பூரில் வளர்ந்தவனுக்கு லேபிள் என்றால் என்னவென்று தெரியும். காதர்பேட்டையில் எண்பது ரூபாய்க்குக் கிடைக்கும் டீசர்ட்டும் ஐரோப்பாவில் கண்ணாடி அலமாரியில் தொங்கும் டீசர்ட்டும் ஒரே ரோல் துணியில் வெட்டப்பட்டவையாக இருக்கலாம். ஒன்றில் ஊசித்துளை விழுந்திருக்கும், அல்லது ஆர்டரைவிட இருநூறு பீஸ் அதிகம் தைத்திருப்பார்கள். லேபிளை வெட்டி எடுத்துவிட்டால் அது ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’. அதற்காக லேபிள் பொய் என்று சொல்ல மாட்டேன். அதில் போட்டிருக்கும் பருத்தி சதவீதம் உண்மை. ஆனால் தோள்பட்டைத் தையல் எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று லேபிள் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அதை நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

நாய் லேபிள் எதைச் சொல்கிறது? 2022 ஏப்ரலில் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் அவற்றின் நடத்தையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்து, அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்தார்கள். அதில் கலப்பு நாய்களும் உண்டு, சான்றிதழ் நாய்களும் உண்டு. உருவம், ரோமம், நிறம் எல்லாம் ரகத்தோடு வலுவாகவே ஒட்டிவந்தன. நடத்தை அப்படி வரவில்லை. தனிப்பட்ட ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய ஒன்பது சதவீதத்தைத்தான் ரகத்தால் விளக்க முடிந்தது. சொன்ன சொல்லைக் கேட்டு வேலை செய்யும் குணத்தில் ரகத்துக்குக் கொஞ்சம் பங்கு இருந்தது. ஆடு மேய்க்கவும் சுட்ட பறவையை எடுத்துவரவும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கப்பட்ட நாய்கள் அவை, இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு நாய் எவ்வளவு சீக்கிரம் மிரண்டு சீறும் என்பதை ரகத்தை வைத்துச் சொல்ல ஏறக்குறைய வழியே இல்லை என்றாகிவிட்டது. வீட்டில் குழந்தை இருக்கும் ஒருவன் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது அதைத்தானே?

இந்த ரகங்களில் பெரும்பாலானவை நாம் நினைப்பதுபோலப் பழமையானவையும் இல்லை. லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். காது இப்படி, வால் இப்படி, நிறம் இப்படி என்று எழுதிவைத்து, அதற்குள் வராததை ஒதுக்கி, ஏட்டில் உள்ளவற்றை மட்டுமே இணைசேர்க்கும் பழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான். நம் தெருவில் படுத்திருக்கும் நாய் அந்த ரகங்கள் கலந்து கெட்டுப்போய் உண்டானதில்லை. ரகங்கள் என்று ஒன்று வருவதற்கு முன்பே மனிதர்களின் எச்சில் இலையைச் சுற்றி வாழ்ந்த நாய்களின் வழிவந்தது. ‘கலப்பு’ என்று அதைச் சொல்வதே பல இடங்களில் தப்பு. பெரிய ஊர்களில்தான், யாரோ கைவிட்ட பொமரேனியனும் லாப்ரடாரும் அதில் கலந்திருக்கின்றன.

*

இதையெல்லாம் படித்த பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாப்ரடார் குட்டி பார்க்கப் போனேன். மகளிடம் சரி என்று சொல்லியிருந்தேனே. விற்பவர் சொன்ன விலை பதினான்காயிரம். "பேப்பர் வேணும்னா இருபத்தஞ்சு ஆகும்" என்றார். பேப்பர் என்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழ். குட்டியின் தாய், தகப்பன் யார் என்று அதில் இருக்கும். ஒரே குட்டி பேப்பரோடு ஒரு விலைக்கும் பேப்பர் இல்லாமல் ஒரு விலைக்கும் எப்படிக் கிடைக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்குச் சிரித்தார்.

குட்டிகள் அழகாக இருந்தன. ஒரு பிளாஸ்டிக் கூடையில் ஐந்து. "எத்தனை நாள் ஆச்சுங்க?" என்றேன். "நாப்பது நாள்" என்றார். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றி 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. அந்த எட்டு வாரத்துக்குக் காரணம் இருக்கிறது. குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கடிபட்டுத்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியும் அந்த வயதில்தான் குறைந்துகொண்டிருக்கும். நாற்பதாம் நாளில் ஊர்விட்டு ஊர் வரும் குட்டி, வந்து ஐந்தாறு நாளில் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகப் பார்வோ வந்து சாவது கால்நடை மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது. வாங்கியவர் தன் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார். பெரும்பாலும் கிருமி கூடையிலிருந்தே வந்திருக்கும்.

கடைசியாக, "தாய் எங்கேங்க? பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"தாய் இங்க இல்லீங்க. வேற எடத்துல இருக்குது."

நான் குட்டி வாங்காமல் திரும்பியதற்கு அந்தப் பதில்தான் காரணம். அந்த மனிதர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்தத் தாய் நன்றாகவே வைக்கப்பட்டிருக்கலாம். அதே 2017 விதிகள் பெண் நாயைப் பதினெட்டு மாதத்துக்கு முன் இணைசேர்க்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்கின்றன. அதைப் பின்பற்றி, தாயையும் காட்டி, எட்டு வாரம் கழித்துத்தான் தருவேன் என்று காக்கவைக்கும் வளர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் இந்தக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்தால் கூடை காலியாகும், காலியான கூடையை நிரப்ப அந்தக் கண்ணில் படாத நாய் மறுபடி சினையாக வேண்டும். சினைக்காலம் அறுபத்து மூன்று நாள். என் பதினான்காயிரம் இந்தக் குட்டிக்கான விலை மாதிரித் தெரிந்தாலும் உண்மையில் அது அடுத்த ஈற்றுக்கான அட்வான்ஸ். திருப்பூர்க்காரனுக்கு ரிபீட் ஆர்டர் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

*

அப்படியானால் தெருநாய்க் குட்டி ஒன்றை எடுத்துக்கொள்வதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். செலவும் இல்லை, மனசாட்சிக்கும் நல்லது. அந்த நினைப்போடுதான் காங்கயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமா தோட்டத்துக்குப் போனேன்.

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் போனவர்களுக்குக் கொறங்காடு தெரிந்திருக்கும். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். உள்ளே கொளுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த அந்தச் சீமையில் விவசாயத்தைவிட ஆடு மாடுதான் நம்பிக்கை. செம்மறி ஆடுகளைப் பகலில் மேயவிட்டு இரவில் கொறங்காட்டிலேயே பட்டி போட்டு அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பல தலைமுறையாக அப்படித்தான். அந்தப் பட்டிகளுக்குள் சில வருடங்களாக நாய்கள் புகுந்து ஆடுகளைக் கொல்கின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தது, நஷ்ட ஈடு கேட்டுப் போராடியது எல்லாம் செய்தியில் வந்தவைதான். நகரத்தில் இருக்கும் நாம் அதைப் படித்துவிட்டுக் கடந்துபோயிருப்போம்.

மாமா பட்டியில் அந்த பிப்ரவரியில் பதினொரு ஆடு போனது. முப்பத்திரண்டில் பதினொன்று.

"தின்னிருந்தாக்கூட பரவால்லைன்னு தோணுது மாப்ளே" என்றார். "ஒண்ணத்தையும் திங்கல. கழுத்தக் கடிச்சு, தொடையக் கடிச்சு, கொடல உருவிப் போட்டுட்டுப் போயிருச்சுக. மிச்ச ஆட்டுல மூணு செனை. பயத்துல மூணும் கன்னு போட்டுருச்சு."

ஏன் தின்னவில்லை என்பதற்கு விளக்கம் இருக்கிறது. வேட்டை என்பது நாய்க்கு ஒரே செயல் இல்லை. பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது என்று படிப்படியான தொடர். ஒவ்வொரு படியும் தனியாகவே நாய்க்குச் சுகம். காட்டில் என்றால் இரை ஓடித் தப்பிவிடும், தொடர் அங்கேயே முடிந்துவிடும். பட்டிக்குள் ஆடு ஓட இடமில்லை, ஆனால் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும் எதுவும் நாயைத் துரத்தச் சொல்லும். ஒன்று விழுந்தால் அடுத்தது கண்முன்னே ஓடும். பசி இல்லாத நாயும் விடிய விடிய அதைச் செய்யும்.

நான் தெருநாய் எடுக்கப்போவதைச் சொன்னேன். நல்ல காரியம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எடுத்துக்க. வேண்டாங்கல. நானும் நாய் வெச்சிருக்கறவந்தான்" என்றார். பிறகு கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு, "அன்னிக்கு ராத்திரி வந்தது நாலு நாய். டார்ச் அடிச்சு என்ற கண்ணால பாத்தேன். அதுல ஒண்ணு கழுத்துல செவப்புப் பட்டை கட்டியிருந்துச்சு" என்றார்.

செவப்புப் பட்டை. யாரோ ஒருவர் ஆசையாக வாங்கிக் கட்டியது. பகலில் வாசலில் கிடக்கும், ‘எங்க நாய்’ என்று சொல்லிக்கொள்வார்கள், இரவில் கேட்டைத் திறந்துவிட்டால் தானாகப் போய்விட்டு விடியலில் வரும். அது என்ன சாதி என்று மாமா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பட்டையே நினைவாக இருந்தது. வாங்குவதா எடுப்பதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது என் வாசற்படியோடு முடிந்துபோகும் கேள்வி. எந்த நாயைக் கொண்டுவந்தாலும் அது எப்படி இருக்கும் என்பது ஒரு யூகம்தான். அந்த யூகம் தப்பினால் அதன் விலையை யார் கொடுப்பது என்பதுதான் அறக்கேள்வி. விலை கொடுத்து வாங்கியபோது அதை எங்கோ இருக்கும் ஒரு தாய் நாய் கொடுக்கிறது. இரக்கத்தில் எடுத்து அரைகுறையாக வளர்த்தால் மாமாவின் ஆடு கொடுக்கிறது. இரண்டிலும் கொடுப்பவன் நானில்லை.

கிளேர் பாமர் என்ற தத்துவ ஆசிரியர் 2010இல் எழுதிய ஒரு நூலில் இதற்கு உதவும் ஒரு பிரிவைச் செய்கிறார். காட்டில் தானாக வாழும் விலங்குக்குத் தீங்கு செய்யாமல் இருந்தால் போதும், உதவ வேண்டிய கடமை நமக்குப் பொதுவாக இல்லை. ஆனால் நம்மால் நம்மைச் சார்ந்திருக்கும்படி ஆக்கப்பட்ட விலங்குக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதைத் திருப்பூருக்குப் பொருத்திப் பார்த்தால் வளர்ப்பு நாய் மட்டும் இதற்குள் வராது. கோழிக்கடைக் கழிவைப் பள்ளத்தில் கொட்டி, மெஸ்ஸின் மிச்சத்தை வாசலில் போட்டு, நாம் உண்டாக்கியதுதான் தெருநாய்க் கூட்டமும். அதைப் பெருக்கியது ஊர். ஆடு போனது கொறங்காட்டுக்காரனுக்கு.

*

ஆகஸ்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. 22ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெருநாய்கள் பற்றிய முந்தைய உத்தரவை மாற்றியது. பிடித்த நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. தத்தெடுக்க விரும்புபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. வழக்கைப் பற்றி ஊரெல்லாம் சண்டை போட்டபோது இந்த ஒரு வரியை யாரும் பேசவில்லை. எனக்கு அது மாமாவின் செவப்புப் பட்டைக்கான பதில் மாதிரி இருந்தது.

இரண்டாவது, 27ஆம் தேதி முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்டது. சித்தப்பா மகன் நாற்பது மிஷின் வைத்துப் பவர்டேபிள் யூனிட் நடத்துகிறான். அமெரிக்க ஆர்டருக்கு ஜாப்வொர்க் செய்பவன். செப்டம்பரில் ஒரு ஷிஃப்டை நிறுத்தினான். ஒடிசா, பீகார் பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குக் கிளம்பினார்கள். மெஸ் மூடியது. அந்த மெஸ் வாசலில் ஒரு நாய் இருந்தது.

கருப்பு நாய், பெண், இரண்டு வயது இருக்கும். வாட்ச்மேன் ஒடிசாக்காரர், அவர் வைத்த பெயர் காளி. கட்டிங் வேஸ்ட் மூட்டைகளின் மேல் படுத்திருக்கும். நான் அவரிடம் ஒரு மணிநேரம் உட்கார்ந்து கேட்டேன். லோடு வண்டி வந்தால் குரைக்குமா? குரைக்கும், ஆள் இறங்கினதும் நிறுத்திவிடும். சோறு வைக்கும்போது கை வைத்தால்? ஒன்றும் செய்யாது. குழந்தைகள்? பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுக்கும், எழுந்து தள்ளிப்போய்ப் படுத்துக்கொள்ளும். யாரையாவது கடித்திருக்கிறதா? "ஒரு தடவ அண்ணா. குட்டி போட்டிருந்துச்சு, ஒரு ஆள் குட்டி எடுக்கப் போனான். கடிக்கல, சட்டை மட்டும் புடிச்சுச்சு."

எந்தச் சான்றிதழிலும் இவ்வளவு இருக்காது. குட்டியை எடுக்கும்போது நாம் எதிர்காலத்தை யூகிக்கிறோம். அதனால்தான் சாதியைக் கேட்கிறோம். இரண்டு வயது நாயிடம் யூகிக்க வேண்டியது குறைவு. அது ஏற்கெனவே யாரென்று ஆகியிருக்கிறது, பார்த்த சாட்சியும் இருக்கிறார். ‘சாதி நாய் என்றால் குணம் தெரியும்’ என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்களுக்கு வேண்டியது தெரிந்த குணம் என்றால் வளர்ந்த நாயை எடுங்கள்.

குட்டிகள் என்னவாயின என்று கேட்டேன். முதல் ஈற்றில் ஐந்து, இரண்டாவதில் ஆறு. உயிரோடு இருப்பது ஒன்று. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில் 364 குட்டிகளில் சுமார் 19 சதவீதம்தான் இனப்பெருக்க வயதை எட்டின. செத்தவற்றில் பாதிக்கு மேல் மனிதர்களால்: வண்டி, விஷம், அடி, எடுத்துப்போய்ப் பாதியில் விட்டது. காளி அந்த ஐந்தில் ஒன்றாகப் பிழைத்தவள். அவளை மட்டும் எடுத்துக்கொண்டு கருத்தடை செய்யாமல் வைத்திருந்தால் ஆறுமாதத்துக்கொரு முறை அதே கணக்கு தொடரும்.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு நல்ல பதில் இல்லை. குட்டிக்கு வேறு வாழ்க்கை தெரியாது. காளிக்கு ஒரு எல்லை இருந்தது, நான்கு தெரு, நண்பர்கள், நினைத்தபோது எழுந்துபோகும் சுதந்திரம். அதையெல்லாம் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு இடம் கொடுப்பது அவளுக்கு நல்லதா? மெஸ் மூடாமல் இருந்து, கருத்தடையும் ஊசியும் போட்டு, அவள் அங்கேயே இருந்திருந்தால் அதுதான் அவளுக்கு நல்ல வாழ்க்கையாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். மெஸ் மூடியது. அவளை ஊட்டியவர்கள் ரயில் ஏறிவிட்டார்கள். அதனால் எடுத்தேன்.

*

மகள் அழுதாள். பொன்னிறக் குட்டி கேட்டவளுக்குக் கருப்பாக, பெரியதாக, தன்னைப் பார்த்து வாலாட்டாத ஒன்று வந்தது. அதைச் சரிக்கட்ட நான் எதுவும் பேசவில்லை. அவளுடைய ஏமாற்றம் நியாயமானது.

முதல் நாள் காளி இருபது மணிநேரம் சிறுநீர் கழிக்கவில்லை. டைல்ஸ் தரையில் அவளுக்கு வராது என்பதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. எதிரே இருந்த காலி சைட்டுக்குக் கயிறோடு கூட்டிப்போனதும் மண்ணைக் கண்டு ஒரு நிமிடம் நின்றாள். கயிற்றையும் அவள் அதுவரை அறிந்ததில்லை, இழுத்தால் படுத்துக்கொள்வாள். இழுக்காமல் நாங்களும் நின்றுகொண்டால் ஐந்து நிமிடத்தில் எழுந்து வருவாள். அதைக் கண்டுபிடித்தது மகள்தான். எனக்கு ஸ்டாண்ட்அப் மீட்டிங் இருந்த அவசரத்தில் நான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் கருத்தடைக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறியிருந்தது. காது மடிப்பில் உண்ணி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் அறுபதாயிரம். இரண்டு லட்சத்தை ஒட்டியாவது இருக்க வேண்டியவை. உண்ணிக் காய்ச்சல். அந்த நிலையில் வயிற்றைத் திறந்திருந்தால் ரத்தம் உறையாமல் மேசையிலேயே போயிருப்பாள் என்றார். தெருவில் இருந்து வரும் நாய் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தாலும் ரத்தப் பரிசோதனை இல்லாமல் மயக்க மருந்து கொடுக்கக் கூடாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருபத்தெட்டு நாள், சாப்பாட்டோடு. உண்ணிக்குத் தனி மருந்து. வீட்டில் சுவர் இடுக்கெல்லாம் தேடினோம், உண்ணி முட்டையிடுவது நாய் மேல் இல்லை, சுவர் விரிசலில். வெறிநாய்த் தடுப்பூசியும் மற்ற ஊசிகளும் உடம்பு தேறிய பிறகு. அறுவைக்கு நவம்பர் ஆகிவிட்டது. அந்த மாதம்வரை செய்த செலவைக் கூட்டிப்பார்த்தேன். பதினான்காயிரத்தைத் தாண்டியிருந்தது. தெருநாய் இலவசம் என்று நினைத்து எடுப்பவர்கள்தான் மூன்றாவது மாதம் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள் என்று அன்றைக்குத் தோன்றியது.

தையல் பிரித்த பிறகு மாமா ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். காளி எழுந்து நின்று இரண்டு தரம் குரைத்தாள், அவர் செருப்பைக் கழற்றியதும் நிறுத்திவிட்டாள். அவர் அவளுடைய ஒட்டிய வயிற்றில் ரோமம் வழித்த இடத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். நீலப் பட்டை.

"ராத்திரி எங்க படுக்குது?"

"உள்ளதானுங்க மாமா. கேட்டுக்குப் பூட்டு போட்டுர்றோம்."

"தெனமுமா?"

"தெனமும்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. காபி குடித்தார். போகும்போது வாசலில் நின்று, கேட்டின் தாழ்ப்பாளை ஒருதரம் தூக்கிப் போட்டுப் பார்த்தார். அது சரியாக விழவில்லை. "இதொண்ணு சரி பண்ணிப்போடு மாப்ளே" என்றார். அடுத்த நாளே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்தேன்.

காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது இன்னமும் யாராவது ஒருவர் நின்று கேட்கிறார்கள், "சார், இது என்ன சாதி?" முதலில் எல்லாம் தெருநாய் என்று கொஞ்சம் விறைப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மகள் பதில் சொல்கிறாள். "கம்பெனி நாய்ங்க. கருத்தடை பண்ணியாச்சு, ஊசி போட்டாச்சு, கடிக்காது" என்கிறாள். கேட்டவர் அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்.